சாயாக்கடை பெஞ்ச் போற எடத்துல நிழல் இருக்கும்: ஒரு ஊர் முக்கை எப்படி டிசைன் பண்ணணும்

எங்க முக்குல சாயாக்கடை வச்சிருக்க அண்ணன் தன்னோட மரப்பெஞ்சை ஒரு நாளைக்கு மூணு தடவை தூக்கி மாத்திப் போடுவாரு. காலைல ஏழு, ஏழரைக்கு கடை வாசல்லேருந்து நாலஞ்சு மீட்டர் முன்னாடி தள்ளி போட்டிருப்பாரு, மத்தியானம் வேப்பமரத்து மூட்டுல கெடக்கும், மூணு மணி தாண்டினா திரும்பவும் கடை வாசலுக்கே வந்துரும். பல வருசமா பாத்துட்டுதான் இருக்கேன், ஆனா அது ஏன்னு யோசிச்சதே இல்ல. நான் வீட்டு பிளான் வரையுற வேலை பாக்குறவன், நெழல் எங்க விழும்னு கணக்கு போடத் தெரியும், அப்படி இருந்தும் எங்க முக்கை "அழகுபடுத்தி" அது பாழாப் போனதுக்கு அப்புறம்தான் அந்த பெஞ்சு சொல்ற விசயம் எனக்குப் புரிஞ்சது.

புஸ்தகத்துல சதுக்கம்னு எழுதுவாங்க. நமக்கு அது முக்கு, ஜங்ஷன், சந்தை முன்னாடி கெடக்குற காலி எடம், கோயில் நடை, சர்ச் முன்னாடி மைதானம். நாலு பக்கமும் ஏதாவது கட்டடம் இருக்கும், நடுவுல தெறந்த வெளி, அதுல மக்கள் வேலை இருந்தாலும் இல்லன்னாலும் வந்து நிக்கணும், இருக்கணும், பேசணும். அது நடக்க நாலு விசயம் வேணும்: நல்ல ஓரம், இருக்க எடம், நிழல், அப்புறம் நேரத்துக்கு நேரம் மாறுற வேலைகள். இந்த நாலையும் தனித்தனியா பாத்தீங்கன்னா புரியாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நிழல்தான் முதல்ல வரும், மத்த மூணும் அது பின்னாடி போகும்.

முதல்ல ஓரத்தைப் பத்தி சொல்லிர்றேன், ஏன்னா அதுதான் எல்லாரும் விட்டுர்ற விசயம். ஒரு காலி மைதானத்துல பத்து பேரை விட்டுப் பாருங்க, ஒருத்தனும் நடுவுல போய் நிக்க மாட்டான். சுவத்தை ஒட்டி, தூணை ஒட்டி, படிக்கட்டை ஒட்டித்தான் நிப்பான். முதுகுக்கு ஒரு தாங்கல் வேணும், கண்ணுக்கு முன்னாடி வர்றவங்க போறவங்க தெரியணும், அவ்வளவுதான் காரணம். டென்மார்க்கைச் சேர்ந்த யான் கெல்னு ஒரு ஆர்க்கிடெக்ட் பல ஊர்ல உக்காந்து பாத்து சொன்னதும் இதுதான், ஆளுங்க மொதல்ல ஓரத்தை நெறைப்பாங்க, ஓரம் நெறைஞ்சாதான் நடுவுக்கு வருவாங்க. அப்போ ஓரத்துல காம்பவுண்டு சுவர் மட்டும் நீளத்துக்கு இருந்தா அந்தப் பக்கம் செத்துரும். சின்னச் சின்ன கடை, திறந்த வாசல், ஒரு படி, ஒரு ஜன்னல், இப்படி இருந்தா உயிரோட இருக்கும். நம்ம பழைய வீட்டுத் திண்ணை செஞ்ச வேலையும் இதுதான, தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு எடம், உள்ளயும் இல்ல வெளியயும் இல்ல.

எங்க முக்கோட அளவை சொல்றேன், ஏன்னா இனிமே கணக்கு வரும். தெக்கு வடக்கா 24 மீட்டர், கெழக்கு மேக்கா 18 மீட்டர். மேக்குப் பக்கம் ரெண்டு மாடி கடை வரிசை, சுமாரா 7 மீட்டர் உயரம், சாயாக்கடை அதுலதான் இருக்கு. கெழக்குப் பக்கம் ஒத்த மாடி லைப்ரரி, ரேஷன் கடை, 4 மீட்டர் உயரம். கடை வரிசைலேருந்து 7 மீட்டர் தள்ளி ஒரு பெரிய வேப்பமரம், கிளை விரிப்பு 10 மீட்டர் இருக்கும், கீழ்க்கிளை தரையிலேருந்து 5 மீட்டர் உயரத்துல. மரத்தைச் சுத்தி நாலு மீட்டர் சதுரத்துக்கு ஒரு கல்திண்ணை. வடக்கயும் தெக்கயும் ரோடு.

இப்போ நிழல். இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு விசயம் இருக்கு, வெளியூர்ல படிச்சுட்டு வர்ற டிசைனருங்க பலபேரு இதைத் தவற விட்டுருவாங்க. நாம பூமத்திய ரேகைக்கு வடக்க 8 டிகிரிலதான் இருக்கோம். அதனால ஏப்ரல் ரெண்டாவது வாரத்துல ஒருக்கா, ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் ஆரம்பத்துல ஒருக்கா, மத்தியான சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல வரும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்க மாசங்கள்ல மத்தியான வெயில் வடக்குப் பக்கத்துலேருந்து சாஞ்சு வரும், மத்த மாசங்கள்ல தெக்கேருந்து வரும். வடக்கு பாத்த சுவத்துல வெயிலே படாதுன்னு குளிர் நாட்டுப் புஸ்தகத்துல இருக்கும், இங்க ஜூன் மாசம் அது அப்படியே தலைகீழ். அதனால வடக்கு தெக்கு கட்டட நிழலை நம்பி மத்தியானத்துக்கு பெஞ்ச் போட முடியாது. மத்தியானத்துக்கு மேலேருந்து மூடுற மரமோ பந்தலோதான் வழி. கட்டடம் நமக்கு காலைலயும் சாயங்காலமும்தான் உதவும், அதுவும் கெழக்கு மேக்கு கட்டடம்.

இன்னொண்ணு, நம்ம கடிகாரத்துல பன்னெண்டு மணி சூரியனுக்கு பன்னெண்டு இல்ல. கடிகார நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது, நாகர்கோவில் அதுக்கு மேக்க 77.4ல கெடக்கு, அதனால மார்ச் மாசத்துல சூரியன் உச்சிக்கு வர்றது சுமாரா பன்னெண்டு இருபத்தேழுக்கு. சாயங்கால வெயில் நாம நெனைக்கிறதை விட அரை மணி கூட நீளும்னு வச்சுக்குங்க.

மார்ச் மூணாவது வாரக் கணக்கைப் பாப்போம், பகலும் ராத்திரியும் சமமா இருக்க சமயம். காலை ஏழரைக்கு ஒரு பொருளோட நிழல் அதோட உயரத்தைப் போல மூணரை மடங்குக்கு மேல இருக்கும், ஒம்பது மணிக்கு 1.3 மடங்கு, மத்தியானம் ஒண்ணும் இல்ல, மூணு மணிக்கு 0.8, நாலு மணிக்கு 1.35, அஞ்சு மணிக்கு ரெண்டரை. இந்த ஒரு வரியை வச்சு எந்த முக்கையும் படிச்சுரலாம். எங்க முக்குல போட்டுப் பாருங்க. ஏழரைக்கு லைப்ரரி நிழல் பதினாலு மீட்டர் வரை நீளும், கடை வரிசைக்கு முன்னாடி இருக்க மூணரை மீட்டர் மட்டும் வெயில்ல கெடக்கும், கெழக்கு பாத்த சாயாக்கடைக்குள்ள வெயில் மூஞ்சில அடிக்கும். அண்ணன் பெஞ்சை நாலஞ்சு மீட்டர் முன்னாடி தள்ளிப் போடுறது இதுக்குத்தான். லைப்ரரி நிழலோட கடைசி விளிம்புல அது நிக்கும். ஒம்பது மணிக்கு மரத்தோட நிழல் மேக்க ஆறரை மீட்டர் நகந்து கடை வாசலுக்கு வந்துரும், பெஞ்சைத் தூக்க வேண்டியது இல்ல. பதினொண்ணு தாண்டினதும் அதுவும் விலகிரும், பன்னெண்டரைக்கு மரத்துக்கு நேர் கீழ, பெஞ்சு திண்ணை பக்கத்துல போயிரும்.

அப்புறம் நடக்குறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மத்தியானத்துக்கு மேல மர நிழல் கெழக்க நகரும், மூணு மணிக்கு நாலு மீட்டர் தள்ளிரும், நாலு மணிக்கு ஏழு மீட்டர் தள்ளிரும். அப்போ திண்ணை மர நிழலை விட்டு வெளிய வந்துரும். ஆனா அதே நாலு மணிக்கு கடை வரிசை நிழல் ஒம்பதரை மீட்டர் நீண்டு வந்து சரியா திண்ணையை மூடிரும். மரம் கட்டடத்துக்கிட்ட திண்ணையைக் கைமாத்திக் குடுக்குது. திண்ணைல இருக்க பாட்டாமாருக்கு இது தெரியவே தெரியாது, அவங்க மத்தியானம் வந்து இருந்தா அஞ்சரை வரைக்கும் அசைய மாட்டாங்க. அஞ்சு மணிக்கு கடை நிழல் பதினேழரை மீட்டர், அதாவது முக்கு முழுசும் நிழல். இந்த மரத்தை யாரோ எந்தக் காலத்துலயோ நட்டாங்க, கணக்குப் போட்டு நட்டாங்களோ இல்லையோ, ரெண்டு மீட்டர் கெழக்க தள்ளிப் போயிருந்தா திண்ணைல ஒரு மணி நேரம் வெயில் ஓட்டை விழுந்திருக்கும்.

மரத்தை மதிச்சவங்கதான் நம்ம ஆளுங்க. நாகர்கோவில்ல வேப்பமூடு ஜங்ஷன்னு சொல்றோம்லா, மூடுன்னா மரத்தோட அடி, ஒரு ஜங்ஷனுக்கு அடையாளமே ஒரு வேப்பமரத்து அடி. நம்ம பக்கம் மூடுன்னு முடியுற ஊர்ப்பேர் எத்தனை இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

இனி இருக்கையைப் பத்தி. நியூயார்க்ல வில்லியம் ஒயிட்னு ஒருத்தர் 1970கள்ல கட்டடங்களுக்கு முன்னாடி இருக்க சதுக்கங்களை கேமராவுல நேரம் வச்சுப் படம் பிடிச்சுப் பாத்தாரு, சில சதுக்கம் நெறைஞ்சு இருக்கு, சிலது காலியா கெடக்குது, ஏன்னு. அவரு கண்டுபிடிச்சது கேக்க ரொம்பச் சாதாரணமா இருக்கும், உக்கார வசதி இருக்குற எடத்துலதான் ஆளுங்க உக்காருறாங்க. அழகு, வடிவம், பரப்பளவு எதுவும் அந்த அளவுக்கு வித்தியாசம் பண்ணல. அதை வச்சு 1975ல நியூயார்க்ல விதியே மாத்தினாங்க, சதுக்கத்தோட ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஒரு அடி நீளம் இருக்கை வேணும்னு. எங்க முக்கு சுமாரா 4650 சதுர அடி, அப்போ 155 அடி வரணும். எங்ககிட்ட என்ன இருக்குன்னு டேப் புடிச்சு அளந்தேன். திண்ணை நாலு பக்கமும் சேத்து 52 அடி, கடை வாசப்படிங்க நடைவழி போக 40 அடி, லைப்ரரி சுவத்தை ஒட்டுன கல்விளிம்பு 50 அடி, சாயாக்கடை பெஞ்சு ரெண்டு சேத்து 12 அடி. 154! ஒரு அடிதான் குறைவு, அதுவும் பெஞ்சுன்னு பேர் வச்ச பொருள் ரெண்டே ரெண்டு. மிச்சம் எல்லாம் படி, திண்ணை, விளிம்பு. நல்ல முக்குல இருக்கைல முக்கால்வாசி இப்படித்தான் வேற வேலைக்குக் கட்டின கல்லா இருக்கும்.

விளிம்பு எப்படி இருக்கணும்னா, ஒரு அடிலேருந்து மூணு அடி உயரம் வரை மனுசன் எப்படியாவது இருந்துருவான், ஆனா வசதியா இருக்கது ஒண்ணரை அடிதான். அகலம் ஒரு அடிக்குக் கீழ போகக் கூடாது, ரெண்டரை மூணு அடி இருந்தா ரெண்டு பக்கமும் முதுகுக்கு முதுகு இருக்கலாம். மரத்தைச் சுத்தின திண்ணைல ஒரு குறை இருக்கு, வட்டமா கட்டினா எல்லாரும் வெளிய பாத்து இருப்பாங்க, பக்கத்துல இருக்கவன் மூஞ்சி தெரியாது, பேச்சு நடக்காது. சதுரமா இருந்தா மூலைல ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் பாத்து இருக்கலாம். எங்க திண்ணைல சீட்டு, சதுரங்கம் எல்லாம் மூலைலதான் நடக்கும், வேணும்னா போய்ப் பாருங்க.

ஆனா நியூயார்க் கணக்கு இங்க பாதிதான் பொருந்தும், அங்க அவங்களுக்கு வெயில் வேணும், நமக்கு நிழல் வேணும். அதனால நான் எத்தனை அடி இருக்கைன்னு கேக்குறதை விட்டுட்டு, எந்த நேரத்துல எத்தனை அடி நிழல்ல இருக்குன்னு கேட்டேன். காலை ஏழரைக்கு லைப்ரரி விளிம்பு அம்பது அடியும் நிழல்ல, திண்ணையும் நிழல்ல. மத்தியானம் ஒரு மணிக்கு திண்ணை 52 அடி, அதோட பெஞ்சு, அவ்வளவுதான். ரெண்டரைக்கு லைப்ரரி விளிம்புதான் முக்குலயே மோசமான எடம், மேக்கு வெயில் நேரா அடிச்சு கல்லு சுடும். அஞ்சு மணிக்கு அது நிழலுக்குள்ள வந்தாலும் உடனே போய் இருக்க முடியாது, கல்லும் பேவர் பிளாக்கும் வாங்கின சூட்டை மெதுவாத்தான் விடும். உள்ளங்கையை கல்லுல வச்சு அஞ்சு எண்ணுங்க, எடுக்கத் தோணலன்னா இருக்கலாம்.

இப்போ நேரத்துக்கு நேரம் மாறுற வேலை எங்கேருந்து வருதுன்னு தானாப் புரியும். காலை ஏழுலேருந்து கொத்தனாரும் கையாளுங்களும் வேலைக்குக் கூப்பிட ஆள் வர்ற வரை லைப்ரரி விளிம்புல இருப்பாங்க, பேப்பர் படிக்கிறவங்களும் அங்கதான், ஏன்னா நிழல் அங்க இருக்கு. ஒம்பது பத்து மணிக்கு மீன்கார அக்காமார் கடை வாசல் பக்கம் பாத்திரத்தை எறக்குவாங்க, மர நிழல் அங்க வந்திருக்கும். மத்தியானம் ஆட்டோக்காரங்களும் பாட்டாமாரும் மரத்தடில. மூணரை நாலுக்கு ஸ்கூல் பிள்ளைங்க, சாயா, பழம்பொரி, கடைப்படி நெறைஞ்சுரும். ஆறு மணிக்கு மேல தட்டுக்கடை வரும், அதுக்கு நிழல் வேண்டாம், லைட்டு வேணும், தண்ணி வேணும், வடக்கு ரோட்டோரம் போஸ்டு லைட்டுக்குக் கீழ நிக்கும். ஒரே எடத்துல அஞ்சு கூட்டம், ஒருத்தருக்கொருத்தர் எடம் காலி பண்ணிக் குடுத்துட்டுப் போறாங்க. இதை யாரும் நோட்டீஸ் ஒட்டி ஏற்பாடு பண்ணல.

இனி அந்த அழகுபடுத்தின கதை. மூணு வருசம் முன்னாடி பணம் ஒதுக்கி வேலை ஆரம்பிச்சாங்க. தெக்கு ஓரத்துல வெட்டவெளில ஒரு வட்டமான ஃபவுண்டன், அதைச் சுத்தி ஆறு ஸ்டீல் பெஞ்சு காங்க்ரீட்ல போல்ட் அடிச்சு, சாய்மானம் கெடையாது, எல்லாம் ஃபவுண்டனைப் பாத்து, ரோட்டுக்கு முதுகு. மரத்திண்ணையைச் சுத்தி அசிங்கம் பண்றாங்கன்னு ரெண்டரை அடி உயரத்துக்கு கம்பி வேலி. திண்ணைக்குள்ள மரத்து மூட்டு வரை சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிட்டாங்க. தொறப்பு விழா அன்னிக்கு போட்டோல ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு.

ஸ்டீல் பெஞ்சு பத்து மணிலேருந்து சாயங்காலம் வரை தொட முடியாது. கடை நிழல் அங்க எட்டுற அஞ்சு மணிக்கு இருக்கலாம், ஆனா ரோட்டுக்கு முதுகு காட்டி இருக்க யாருக்கும் மனசு வரல, பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சா தூக்கி வாரிப் போடும். ஃபவுண்டன் மோட்டார் ஒரு மழைக்காலம் தாங்கல. திண்ணை 52 அடியும் வேலிக்குள்ள போனதால மத்தியானம் ஒரு மணிக்கு முக்குல நிழல்ல இருக்க எடம் 12 அடியா ஆயிருச்சு, அண்ணனோட ரெண்டு பெஞ்சு மட்டும். செலவு பண்ணி இருக்கையைக் கூட்டினோம்னு நெனச்சாங்க, ஆனா நிழல்ல இருக்க இருக்கை நாலுல ஒரு பங்கு கூட மிஞ்சல. பாட்டாமார் வீட்டோட இருந்துட்டாங்க. எங்க பெரியப்பா அதுல ஒருத்தரு, இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரியுது.

மரத்து மூட்டுல சிமெண்ட் பூசினது தனித் தப்பு. மரத்துப் பட்டை மண்ணுக்குள்ளயோ சிமெண்டுக்குள்ளயோ மூடிக் கெடந்தா ஈரம் நின்னு அழுகும், வேருக்கு தண்ணியும் காத்தும் போகாது. அது உடனே தெரியாது, சில வருசம் கழிச்சு உச்சிக் கிளை காய ஆரம்பிக்கும். மரத்தைச் சுத்தி மூணு நாலு அடியாவது வெறும் மண்ணா விடணும், திண்ணை உள்விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவுல கை நீட்ட எடம் இருக்கணும்.

கிராமசபைல பேசணும்னா வாயால சொல்லிப் பிரயோசனம் இல்ல, அதனால நானும் லைப்ரரிக்கு வர்ற ரெண்டு காலேஜ் பிள்ளைங்களும் ஒரு வேலை செஞ்சோம், இதை யாரும் செய்யலாம். முக்கோட படத்தை ஒரு பேப்பர்ல வரைஞ்சு ஒரு நாளைக்கு பதிமூணு வீதம் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டோம். காலை ஏழுலேருந்து சாயங்காலம் ஏழு வரை, மணிக்கு ஒரு தடவை, அஞ்சு நிமிசம் நின்னு, யாரு எங்க இருக்காங்கன்னு ஒரு புள்ளி, நிக்கிறவங்களுக்கு ஒரு கோடு, பொம்பளைங்களுக்கு வேற கலர். அதோட அந்த நேரத்து நிழல் விளிம்பை தரைல சாக்பீஸால வரைஞ்சு மணி எழுதினோம். ஒரு வேலை நாள், ஒரு ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் தரைல பாத்தா கோடு கோடா சாக்பீஸ் வட்டங்கள், பேப்பர்ல புள்ளிங்க எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு, ஸ்டீல் பெஞ்சு பக்கம் வெள்ளையா கெடந்துச்சு. எல்லா பேப்பரையும் வரிசையா சுவத்துல ஒட்டினதுக்கு அப்புறம் நான் ஒரு வார்த்தை கூடுதலா பேச வேண்டி வரல.

வேற கலர் புள்ளி ஏன்னா, வில்லியம் ஒயிட்டும் அதைக் கவனிச்சாரு, நல்லா இருக்க சதுக்கத்துல பெண்கள் பங்கு கூடுதலா இருக்கும், எடம் சரியில்லன்னா முதல்ல விலகுறது அவங்கதான். எங்க பேப்பர்ல மத்தியானத் திண்ணைல ஒரு பெண் புள்ளி கூட இல்ல, வேலி போடுறதுக்கு முன்னாடியும் இருந்திருக்காது, அது ஆம்பளைங்க எடமா ஆயிருச்சு. பெண்கள் எங்க இருந்தாங்கன்னா லைப்ரரி படிலயும் ரேஷன் கடை வாசல்லயும், அதாவது இருக்க ஒரு காரணம் சொல்லக்கூடிய எடத்துல. ஆனா அது மத்தியானத்துக்கு மேல சுடுற பக்கம். ஆக அவங்களுக்கு மத்தியானம் பன்னெண்டரைக்கு மேல முக்குல எடமே இல்ல. நிழல் கணக்கு மட்டும் போட்டிருந்தா எனக்கு இது தெரிஞ்சிருக்காது.

கடைசியா என்ன மாறுச்சுன்னா, திண்ணை வேலில கெழக்குப் பக்கமும் தெக்குப் பக்கமும் எடுத்தாங்க, மேக்கும் வடக்கும் இன்னும் இருக்கு. மூட்டுல டைல்ஸை பேத்து மண்ணைத் தொறந்தாச்சு. ஸ்டீல் பெஞ்சுல நாலை போல்ட் கழட்டி லைப்ரரி சுவத்தோரம் போட்டாங்க, இப்போ முதுகுக்கு சுவர் இருக்கு, காலைல நெறையுது. மத்தியானத்துக்கு அந்தப் பக்கம் நிழல் வேணுமே, பந்தல் போடலாம்னாங்க, ஆனா ஆடிக் காத்துல ஆரல்வாய்மொழி வழியா வர்ற காத்து துணிப்பந்தலை ஒரே வாரத்துல கிழிச்சுரும், அதனால மரம்தான்னு முடிவாச்சு. எங்க நடணும்னு சாக்பீஸ் கோடுதான் சொல்லிச்சு. விளிம்புக்கு நிழல் ரெண்டு மூணு மணிக்கு வேணும்னா, மரம் விளிம்புலேருந்து மேக்க மூணு மீட்டர் தள்ளி இருக்கணும், நிழல் கெழக்க நகந்து விளிம்புல வந்து விழும். பெஞ்சு மேலயே மரம் நட்டா மத்தியானத்துக்கு மேல நிழல் லைப்ரரி சுவத்து மேல போயிரும், பெஞ்சு வெயில்ல கெடக்கும்.

பூவரசம் போத்து ரெண்டு வச்சிருக்கோம், ஆள் கை மொத்தத்துல வெட்டி நட்டா சீக்கிரம் துளுக்கும். கடலோர ஊரா இருந்தா புன்னை வச்சிருப்பேன், உப்புக்காத்து தாங்கும். ஒண்ணு துளுத்துருச்சு, இன்னொண்ணு இன்னும் தெரியல. சாயாக்கடை அண்ணன் கிளாஸ் கழுவுற தண்ணியை அதுக்குத்தான் ஊத்துறாரு. டிசம்பர்ல நாலு மணி நிழல் இன்னும் நீளம், உயரத்தைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கொஞ்சம் வடகெழக்க சாஞ்சு விழும், அதையும் ஒருக்கா சாக்பீஸால வரைஞ்சு பாக்கணும்.